ஏழும் ஒன்றும் ஏழும்: குறள் வெண்பாவும் நேரிசை வெண்பாவும்

இலக்கணத் தேர்வில் இந்த இரண்டையும் வேறுபடுத்திக் கேட்டால், "அது இரண்டடி, இது நான்கடி" என்று எழுதிவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. அது ஒரு மதிப்பெண்ணுக்குத்தான் ஆகும். எனக்கு விஷயம் தெளிவானது சீரை எண்ணிப் பார்த்தபோதுதான். குறள் வெண்பாவில் முதலடிக்கு நான்கு, ஈற்றடிக்கு மூன்று என ஏழு சீர். நேரிசையில் பதினைந்து. ஏழும் ஏழும் பதினான்குதானே? மிச்சமிருக்கும் அந்த ஒரு சீர்தான் தனிச்சொல்.

நான் தேர்வுக்குப் படித்தபோது இரண்டு குறட்பாக்களைக் கோத்துப் பார்த்துத்தான் இதைப் பிடித்துக்கொண்டேன். தனிச்சொல் மட்டும் நான் சேர்த்தது:

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு – முகமலர்ந்து
கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

இப்போது அந்தத் தனிச்சொல்லை அலகிடுங்கள். முக/மலர்ந்/து: நிரை, நிரை, நேர், கருவிளங்காய். இதற்கு முன்னால் நிற்கும் "உலகு" குறளின் கடைசியில் பிறப்பு என்னும் வாய்பாடு. ஆனால் இங்கே அடி முடியவில்லை, அதனால் அதைப் புளிமாவாகத்தான் கொள்ள வேண்டும். மா முன் நிரை வந்திருக்கிறது, சரி. அப்புறம் காய் முன் நேராக "கற்க" வருகிறது. வெண்டளை எங்கும் தப்பவில்லை. அகர, பகவன், முகமலர்ந்து மூன்றிலும் இரண்டாம் எழுத்து "க". பின்னிரண்டு அடிக்கு "ற்" என்று வேறு எதுகை. எனவே இது இருவிகற்ப நேரிசை வெண்பா.

இரண்டு குறளையும் இடம் மாற்றிப் பாருங்கள், உடனே சிக்கல் தெரியும். "தக" என்பது மலர், ஒரே அசை. வெண்பாவின் கடைசிச் சீராக மட்டுமே அது நிற்க முடியும். நடுவில் வந்தால் ஓர் அசையோ இரண்டோ கூட்டி முழுச்சீராக்க வேண்டும். அப்படிக் கூட்டுவதற்கு ஆசு என்று பெயர், பாட்டு ஆசிடை நேரிசை ஆகிவிடும். எந்த அசையைக் கூட்டுவது என்பதையும் எதுகையே முடிவு செய்கிறது. "ற்" எதுகைக்காகத் தனிச்சொல் "முற்றும்" என்பதுபோல நேரில் தொடங்கியாக வேண்டும். அப்படியானால் அதற்கு முந்திய சீர் விளமாகவோ காயாகவோ இருக்க வேண்டும். "தகவே" என்றால் புளிமா, தளை தட்டும். "தகவுடன்" என்றால் கருவிளம், பொருந்தும்.

பின்பாதிக்கு இந்தத் தொல்லை இல்லை, குறள் அப்படியே உட்காரும். சோமேசர் முதுமொழி வெண்பாவில் சிவஞான முனிவர் செய்திருப்பது இதுதான்: முன்னிரண்டு அடியில் ஒரு கதை, பின்னிரண்டு அடியில் திருக்குறள்.

தேர்வில் நான்கடி வெண்பா ஒன்றைக் கொடுத்து வகை கேட்டால் முதலில் இரண்டாம் அடியின் நான்காம் சீரைப் பாருங்கள். முன் இரண்டு அடிகளின் எதுகையோடு தனிச்சொல் அங்கே இருந்தால் நேரிசை. தனிச்சொல்லே இல்லாமல் நான்கடியும் ஓடினால் அது இன்னிசை வெண்பா.