பலெர்மோவுக்கு அனுப்பிய ஒரு வாழ்த்து

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் மாசி மாதத்தில், நமது பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பார்ப்பதற்கென்று ஊருக்கு வந்திருந்தபோது, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் இருக்கும் என் இத்தாலிய நண்பர் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். நான் அந்த நகரத்திற்குப் போய்ச் சேர்ந்த காலத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்த மனிதர் அவர். அந்த ஆண்டு அவருக்கு அறுபது வயது நிறைவடைந்தது. முதல் ஆளாக வாழ்த்த வேண்டும் என்ற ஆசையில் நள்ளிரவு வரை விழித்திருந்து, சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் செய்தியை அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது, "நன்றி, ஆனால் நாளைக்குத்தான். நான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் வந்திருந்தது.

மாசி மாதத்தில் இலங்கை நேரம் இத்தாலிய நேரத்தைவிட நாலரை மணித்தியாலம் முந்தியது என்பதை நான் மறந்துபோனேன். எனக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணியானபோது அவருக்கு முதல் நாள் மாலை ஏழரை மணி. நம்மிடையே இது ஒரு பிழையே அல்ல. ஒரு நாள் முந்தி வாழ்த்தினால் 'மறக்காமல் நினைத்தாயே' என்று மகிழ்ச்சிதான் அடைவோம். இத்தாலியர்களுக்கோ பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டிச் சொல்வது துரதிர்ஷ்டத்தைக் கொண்டுவரும் செயல். நிறைவடையாத ஆண்டை நிறைவடைந்ததாகச் சொல்லிவிட்டால் அது நிறைவடையாமலே போய்விடக்கூடும் என்பது அதன் உள்ளே இருக்கும் அச்சம். படித்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனாலும் சொல்லத் தவறமாட்டார்கள். கெட்டது நேராமலிருக்க அவர்கள் கையில் அகப்படும் இரும்பைத் தொடுவார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் சொற்றொடர் 'தொக்காரே ஃபெர்ரோ', அதாவது இரும்பைத் தொடுதல். சட்டைப்பைக்குள் இருக்கும் சாவிக் கொத்தே போதும். பிந்தி வாழ்த்துவதில் எந்தக் குற்றமும் இல்லை. இரண்டு நாள் கழித்து 'அவுகூரி இன் ரித்தார்தோ', அதாவது பிந்திய வாழ்த்துகள், என்று சொன்னால் அன்போடு ஏற்றுக்கொள்வார்கள்.

நான் அனுப்பிய செய்தியின் தலையில் இருந்தவை 'தந்தி அவுகூரி' என்ற இரண்டு சொற்கள். தமிழில் எழுதும்போது முதற்சொல் தபாற்கந்தோர்த் தந்தியைப் போல் தோன்றும். ஆனால் அதன் இரண்டாவது தகரத்தைப் 'பத்து' என்பதில் வருவதுபோல வல்லோசையாகச் சொல்ல வேண்டும். 'தந்தி' என்றால் பல. 'அவுகூரி' என்பது 'அவுகூரியோ' என்ற சொல்லின் பன்மை. வாழ்த்துகள் என்று பொருள். அழுத்தம் 'கூ' என்ற எழுத்தில் விழுவதால் அதை நெடிலாகவே ஒலிக்க வேண்டும். ஆக, 'பல வாழ்த்துகள்' என்பதுதான் முழுப்பொருள். பிறந்தநாள் என்ற சொல்லே இதில் இல்லை. ஆகையால்தான் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் திருமணத்திற்கும் குழந்தை பிறந்த வீட்டிற்கும் இதே சொல் போதுமானதாக இருக்கிறது. பிறந்தநாள் என்று குறிப்பாகச் சொல்ல விரும்பினால் 'புவோன் கொம்ப்ளெயன்னோ' என்பார்கள், அல்லது இரண்டையும் சேர்த்து 'தந்தி அவுகூரி தி புவோன் கொம்ப்ளெயன்னோ' என்பார்கள். 'கொம்ப்ளெயன்னோ' என்ற சொல்லிலும் பிறப்பு இல்லை. 'ஆண்டை நிறைவு செய்தல்' என்பதுதான் அதன் கட்டமைப்பு. நமது பத்திரிகைகளில் வரும் 'அகவை நிறைவு' என்ற வழக்கிற்கு அது மிக நெருக்கமானது. நிறைவு என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால், நிறைவதற்கு முன்னர் வாழ்த்துவது அவர்களின் காதுக்கு ஏன் உறுத்துகிறது என்பதும் விளங்குகிறது.

'அவுகூரியோ' என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. பண்டைய உரோமில் 'அவுகூர்' என்று அழைக்கப்பட்ட குருமார், வானத்தில் பறவைகள் பறக்கும் திசையையும் எண்ணிக்கையையும் அவற்றின் குரலையும் பார்த்து ஒரு காரியத்தைத் தெய்வங்கள் ஏற்கின்றனவா என்று சொல்வார்கள். உரோம் நகரை யார் அமைப்பது என்று ரோமுலுஸ், ரேமுஸ் என்ற இரட்டையர் போட்டியிட்டபோது ஒருவர் ஆறு கழுகுகளையும் மற்றவர் பன்னிரண்டு கழுகுகளையும் கண்டார்கள் என்பது அவர்களின் பழங்கதை. நமது பழந்தமிழில் இதற்குச் சரியான சொல் ஒன்று உண்டு: புள் நிமித்தம். இதை நான் நண்பரிடம் விளக்கியபோது அவர் அதிசயித்தார். தம் வாழ்நாள் முழுவதும் ஒரு சகுனத்தைத்தான் எல்லோருக்கும் கொடுத்து வந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். வாழ்த்துக்கும் சகுனத்துக்கும் ஒரே சொல் வேராக இருக்கும்போது, வேளை பிந்தலாம், முந்தக்கூடாது என்ற வழக்கம் எனக்கு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றவில்லை. பல்லி சொல்லுக்குக் காது கொடுத்து வளர்ந்த ஊரில் பிறந்தவன் நான்.

என் செய்தியில் இன்னொரு பிழையும் இருந்தது. அதை நண்பர் பண்போடு தவிர்த்துவிட, அவருடைய மகள்தான் பின்னர் சொன்னாள். 'நீங்கள் அறுபது ஆண்டுகளை நிறைவு செய்கிறீர்கள்' என்று எழுதப் போய், 'அன்னி' என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். 'அன்னி' என்றால் ஆண்டுகள். ஒரு ஒற்றைக் குறைத்தால் அது 'ஆனி' ஆகிவிடும்; அது நமக்கு ஒரு மாதத்தின் பெயர், அவர்களுக்கோ உடலின் பின்வாசலுக்குரிய பன்மைப் பெயர். அறுபது வயது மனிதருக்கு அறுபது பின்வாசல்கள் நிறைவடைவதாக நான் வாழ்த்தியிருந்தேன். ஒற்று விடுபட்டால் பொருள் கெடும் என்று நமது தமிழாசிரியர் கரும்பலகையில் 'பாடு, பாட்டு' என்றும் 'கலி, கல்லி' என்றும் எழுதி எழுதிக் காட்டியது, கடல் கடந்து ஓர் இத்தாலியச் சொல்லில் பலித்தது. தமிழ் காதுக்கு ஒற்றை ஒலியும் இரட்டை ஒலியும் வேறு வேறு என்பது இயல்பாகவே தெரியும். ஆகையால் பேச்சில் நாம் தவறுவதில்லை. எழுத்தில் விரல்தான் அவசரப்படுகிறது.

மரியாதையும் கவனிக்கப்பட வேண்டியது. நமது 'நீ', 'நீங்கள்' போல அவர்களிடமும் 'தூ', 'லேய்' என்று இரண்டு முன்னிலைச் சொற்கள் உண்டு. நண்பருக்கு 'தி ஃபாச்சோ தந்தி அவுகூரி' என்று எழுதலாம். நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான முதியவருக்கோ 'லே ஃபாச்சோ' என்றுதான் எழுத வேண்டும். எது என்று தெரியாத இடத்தில் வெறுமனே 'தந்தி அவுகூரி' என்று நிறுத்திவிடுவது நல்லது. பிறந்தநாள் பாட்டைப் பாடும்போது மட்டும் வயதானவர்களுக்கும் 'தந்தி அவுகூரி அ தே' என்றே பாடுவார்கள்; 'உனக்குப் பல வாழ்த்துகள்' என்பது அதன் பொருள். உலகெங்கும் தெரிந்த அதே மெட்டுத்தான்.

வாழ்த்துக்கு நன்றி சொல்லுவதிலும் நான் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன். நத்தார் காலத்தில் 'அவுகூரி' என்றவருக்கு 'அல்த்ரெத்தான்தோ', அதாவது 'உங்களுக்கும் அப்படியே', என்று பதில் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் என் பிறந்தநாளன்று சமையலறையில் வாழ்த்தியவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னேன். 'எனக்கு இன்றைக்குப் பிறந்தநாள் இல்லையே' என்று ஒருவர் தம்மைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறந்தநாளுக்கு 'க்ராட்ஸியே' என்ற நன்றி மட்டுமே பொருத்தம்.

அதே நாளில்தான் இன்னொன்றும் அறிந்தேன். வேலை முடிந்து பக்கத்துக் கோப்பிக்கடைக்குப் போனபோது அவர்கள் எனக்கு ஏதாவது வாங்கித் தருவார்கள் என்று நான் காத்திருந்தேன். அவர்கள் நான் வாங்கித் தருவேன் என்று காத்திருந்தார்கள். இத்தாலியில் பிறந்தநாள் கொண்டாடுபவரே மற்றவர்களுக்குச் செலவு செய்ய வேண்டும். வேலைத்தலத்திற்கு இனிப்புத் தட்டு கொண்டுபோவதும் அவருடைய கடமைதான். சிசிலியில் அந்தத் தட்டிற்குக் 'குவாந்தியேரா' என்று பெயர். இனிப்புக் கடைக்காரர் அட்டைத் தட்டில் அடுக்கி, காகிதத்தால் மூடி, நாடாவால் கட்டி, தூக்கிச் செல்லும் விரலுக்கு ஒரு வளையமும் விட்டுத் தருவார். கன்னோலி என்ற பொரித்த குழல்களை நல்ல கடையில் முன்கூட்டி நிரப்பி வைப்பதில்லை. வாங்க வந்தவர் நிற்கும்போதுதான் செம்மறியாட்டுப் பாலில் செய்த ரிக்கோத்தா என்ற மென்மையான பாற்கட்டியை இரு முனைகளிலும் திணிப்பார்கள். நேரத்தோடு நிரப்பினால் குழல் நமுத்துவிடும். வகுப்பில் பிறந்தநாள்காரன்தான் ரொபிப் பெட்டியோடு வாங்கு வாங்காகப் போனான் என்பதை நினைத்துப் பார்த்திருந்தால், அன்று அவ்வளவு நேரம் மௌனமாக நின்றிருக்க மாட்டேன்.

காது இழுக்கும் வழக்கமும் உண்டு. பிறந்தநாள்காரரின் காது மடலை வயதுக்கு ஒன்று என்று இழுப்பார்கள். சிறுவர்களுக்கு எண்ணி இழுப்பார்கள். பெரியவர்களுக்கு இரண்டு மூன்றோடு விட்டுவிடுவார்கள். நமது பாடசாலையில் காது பிடித்து முறுக்கப்படாதவர் இந்த மலரைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. எனக்கு முதன்முறை ஒரு கை காதை நோக்கி வந்தபோது வீட்டுப்பாடம் செய்யவில்லையோ என்று ஒரு கணம் நடுங்கினேன்.

நண்பரின் பெயர் நம்மூரில் சூசையப்பர் என்று அழைக்கப்படும் புனிதரின் பெயர். ஆகவே பங்குனி 19ஆம் திகதி, அந்தப் புனிதரின் திருநாளில், அவருக்கு இன்னொரு 'தந்தி அவுகூரி' உண்டு. இந்தப் பெயர்நாளை 'ஒனோமாஸ்திகோ' என்பார்கள். அன்றைக்குப் பலெர்மோவில் ரிக்கோத்தா பூசிய 'ஸ்ஃபின்சே' என்ற பொரித்த பண்டம் கடைகளில் குவிந்திருக்கும். நகரத்தின் காவற்புனிதையான ரொசாலியாவின் பெயரைத் தாங்கிய பெண்களுக்கு இந்த வாழ்த்து புரட்டாதி 4ஆம் திகதி கிடைக்கும். பெல்லெக்ரீனோ மலையிலுள்ள அவருடைய குகைக் கோவிலுக்கு நம்மவர்கள் சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடில்லாமல் ஏறிப் போவதால், அந்தத் திகதி பலெர்மோத் தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலையில் நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். பலெர்மோவில் காலை ஏழரை ஆகும்வரை, அதாவது ஊரில் நண்பகல் வரை, காத்திருந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து இப்படி எழுதினேன்: 'தந்தி அவுகூரி தி புவோன் கொம்ப்ளெயன்னோ, காரோ அமீகோ. சென்தோ தி க்வேஸ்தி ஜோர்னி. உன் அப்ராச்சோ.' அன்புள்ள நண்பரே, பிறந்தநாளுக்குப் பல வாழ்த்துகள், இத்தகைய நாட்கள் நூறு வரட்டும், ஓர் அணைப்பு. நடுவிலுள்ள வரி நமது 'நூறாண்டு வாழ்க' என்பதற்கு ஈடானது. ஆண்டுகளைக் குறிக்கும் அந்த ஆபத்தான சொல்லை வேண்டுமென்றே தவிர்த்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பிப் போனபோது வழமையான கோப்பிக்கடையில் அவர் எனக்குக் கோப்பியும் கன்னோலோவும் வாங்கித் தந்தார். நான் எழுந்து அவருடைய காதை மூன்று முறை இழுத்தேன். அடுத்த பிறந்தநாளுக்கும் ஊரில்தான் இருப்பாயா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசையின் கீழே கையை விட்டு அதன் இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டார்.