புறாத்தீவுக்கு ஐந்து பதிவுகள்: பழையதை வைப்பதா, சேர்ப்பதா, அழிப்பதா

நான் வேலை செய்யும் சுற்றுலா நிறுவனம் திருகோணமலையில் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வருகிறவர்களுக்குத் தங்குமிடம், படகு, வாகனம் எல்லாம் ஒழுங்கு செய்து கொடுப்போம். எங்கள் இணையத்தளத்தில் பல வருடங்களாகப் பலர் எழுதிய பதிவுகள் முந்நூறுக்கு மேல் சேர்ந்திருந்தன. ஜனவரியில் மழையோடு வேலை குறைந்திருந்த நேரம், முதலாளி அண்ணா வந்து சொன்னார்: “தங்கச்சி, பழசையெல்லாம் தூக்கினா கூகுளுக்குப் பிடிக்குமாம். ஆரும் வாசிக்காததைப் பார்த்து அழிச்சு விடுங்கோ.”

இந்தக் கதை எங்கிருந்து பரவியது என்று எனக்குத் தெரியும். 2023 ஓகஸ்டில் சீநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பத் தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை எடுத்தது செய்தியானது. பழசு என்பதற்காக மட்டும் அழிப்பதில் பயனில்லை என்று கூகுள் தரப்பே அப்போது சொன்னது. ஆனால் அண்ணாவிடம் அதைச் சொல்லி வாதாடுவதைவிட ஒரு ஷீட்டைப் போட்டுக் காட்டுவது சுலபம்.

பதிவுகளின் பட்டியலை கையால் தொகுக்காமல் சைட்மேப்பிலிருந்து எடுத்தேன். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எங்கள் முகவரிகள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. பிரவுசரில் பார்த்தால் அழகான தமிழ். சைட்மேப்பில் அதே முகவரி `%e0%ae%a4` என்று நீளும் குறியீடு. இரண்டும் ஒரே பக்கம்தான், ஆனால் ஷீட்டுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். பட்டியல் முழுவதும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும், நான் குறியீட்டு வடிவத்தை வைத்துக்கொண்டேன்.

அந்த வடிவத்தைப் பார்த்து எந்தப் பதிவு எது என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழாக மாற்றினாலும் முழுதாகத் தெரியாது. எங்கள் தளம் இயங்கும் வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 இடம்தான் தருகிறது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 9 இடம் போகும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ஆக மொத்தம் 22 குறிகள். ‘திருகோணமலையில் பார்க்க’ என்பதோடு கிட்டத்தட்ட இடம் முடிந்துவிடும். அப்படித் தொடங்கிய தலைப்புகள் எங்களிடம் நிறைய. எல்லாம் ஒரே முகவரியாகி, கடைசியில் 2, 3 என்ற எண்ணால் மட்டும் வேறுபட்டு நின்றன. அதனால் முகவரிக்குப் பக்கத்தில் தலைப்பு, வெளியிட்ட நாள், கடைசியாகத் திருத்திய நாள் மூன்றையும் போட்டேன்.

அடுத்தது எண்கள். கூகுள் சேர்ச் கொன்சோலில் ‘பக்கங்கள்’ அட்டவணையை இறக்கினால் ஒவ்வொரு முகவரிக்கும் எத்தனை கிளிக், எத்தனை முறை தேடல் முடிவில் காட்டப்பட்டது, சராசரி இடம் என்ன என்பதெல்லாம் வரும். ஒரு தடவையில் 1,000 வரிசைக்கு மேல் தராது, எங்களுக்கு அது போதும். இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது கால அளவு. அது தானாகக் கடைசி மூன்று மாதத்தைத்தான் காட்டும்.

நாங்கள் ஷீட் போட்டது ஜனவரி. அப்படியே எடுத்திருந்தால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்திருக்கும். வாடைக் காற்றும் மழையும் பிடித்து, இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கிற காலம். புறாத்தீவுக்குப் படகு போவது குறைவு, திமிங்கிலம் பார்க்க யாரும் கேட்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குச் சோறு போடுகிற பதிவுகள் எல்லாம் அந்த மூன்று மாதத்தில் செத்தவை போலத் தெரியும். சேர்ச் கொன்சோல் 16 மாதம் வரை வைத்திருக்கும். ஆனால் 16ஐ எடுத்தாலும் சரிவராது, சில மாதங்கள் இரண்டு முறை கணக்கில் விழுந்து ஒரு பருவத்துக்குக் கூடுதல் எடை வரும். சரியாக 12 மாதம் எடுத்தேன்.

இரண்டு பட்டியலையும் இணைக்கும் சூத்திரம் இது. பதிவுப் பட்டியல் ஒரு தாளில், சேர்ச் கொன்சோல் தரவு GSC என்ற இன்னொரு தாளில்:

```
=IFNA(VLOOKUP(A2, GSC!$A:$E, 2, FALSE), "இல்லை")
```

பலர் அந்த “இல்லை” இருக்கும் இடத்தில் 0 போடுவார்கள். பார்க்கத் துப்பரவாக இருக்கும், ஆனால் ஆபத்து. யாரும் வராத பக்கத்துக்கும் 0, கடைசியில் ஒரு சாய்கோடு கூடிப் பொருந்தாமல் போன பக்கத்துக்கும் 0. இரண்டாவது ஒருவேளை உங்கள் மிகச் சிறந்த பதிவாக இருக்கும், அழிக்கும் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும். சரிபார்க்க ஒரு சுலப வழி: GSC தாளில் கிளிக் நிரலின் கூட்டுத்தொகையையும், இணைத்த பிறகு என் பட்டியலில் வந்த கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது நன்றாகக் குறைந்திருந்தது. GSC தாளில் சொந்தமில்லாமல் நின்ற வரிசைகளைத் தேடினால், `http` என்று தொடங்கும் பழைய முகவரிகள் சில, வகைப் பக்கங்கள் சில. முன்னையவற்றைத் திருத்தினேன், பின்னையவை பதிவுகளே அல்ல என்பதால் விட்டேன்.

இதற்குப் பிறகுதான் ‘முடிவு’ என்ற நிரல். அதில் திருத்து, சேர், அழி, வை என்று நான்கு சொற்கள் மட்டும். கடைசிச் சொல்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் ‘எதில் சேர்ப்பது’ என்று இன்னொரு நிரல், ‘காரணம்’ என்று ஒன்று. காரணம் ஒரு வரியாவது எழுதாமல் ‘அழி’ போடக் கூடாது என்பது நான் வைத்த சட்டம்.

நேரம் எடுத்தது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள இந்தத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அதைப் பற்றி எங்களிடம் ஐந்து பதிவுகள் இருந்தன: போவது எப்படி, நுழைவுச் சீட்டு விலை, ஸ்நோர்க்கலிங், படத்தொகுப்பு, நிலாவெளியோடு சேர்த்து ஒருநாள் பயணம். கிளிக்கை மட்டும் பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் நல்லவை, மற்ற மூன்றும் மெலிந்தவை. அண்ணாவின் கணக்கில் மூன்றும் போக வேண்டும்.

இங்கே தலைப்பைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. மக்கள் எதைத் தேடி எந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சேர்ச் கொன்சோலில் சீட்டு விலை பற்றிய தேடலை வடிகட்டிவிட்டுப் ‘பக்கங்கள்’ தாவலைத் திறந்தேன். ஒரே கேள்விக்கு எங்கள் மூன்று முகவரிகள் வந்தன. போவது எப்படி, சீட்டு விலை, ஒருநாள் பயணம். நாள்வாரியாகப் பார்த்தால் ஒரு கிழமை ஒன்று மேலே, அடுத்த கிழமை இன்னொன்று. எதுவும் நிலைத்து முதல் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே கதிரைக்கு அடிபடுகிற மாதிரி. அதே மாதிரி ஸ்நோர்க்கலிங் தேடலை வடிகட்டினால் ஒரே ஒரு முகவரி. கறுப்புமுனைச் சுறாவைப் பற்றித் தேடி வருகிறவர்களும் அங்கேதான் வந்தார்கள். அதைத் தொட வேண்டிய தேவை இல்லை. தீவு ஒன்றுதான் என்பதற்காக ஐந்தையும் ஒன்றாக்கியிருந்தால் நன்றாக ஓடுகிற ஒன்றைக் கெடுத்திருப்போம்.

ஆக மூன்று பதிவுகளும் ஒன்றாக வேண்டும். எந்த முகவரி மிஞ்சுவது? நல்ல எழுத்து ஒருநாள் பயணத்தில்தான் இருந்தது. ஆனால் வெளித்தளங்களிலிருந்து இணைப்புகள் வந்தது ‘போவது எப்படி’ பதிவுக்கு. எழுத்தை நகர்த்தலாம், மற்றவர்கள் கொடுத்த இணைப்பை நகர்த்துவது கடினம். முகவரி அதனுடையது, உள்ளடக்கம் மூன்றிலிருந்தும் எடுத்தது என்று முடிவு செய்தோம்.

சேர்ப்பதென்றால் மூன்றையும் அடுத்தடுத்து ஒட்டுவதல்ல. சீட்டு விலைப் பதிவில் இருந்த தொகை காலாவதியானது. வெளிநாட்டவருக்கான சீட்டில் நுழைவுக் கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் வரியும் சேரும், படகுக்கு வேறாகக் கொடுக்க வேண்டும். வாசிக்கிறவருக்குக் குழப்பம் வருவது அங்கேதான், அதனால் அந்த அமைப்பை விளக்கி எழுதினோம். தொகையைத் தனி வரியில் போட்டு, எந்த மாதம் விசாரித்தது என்றும் குறித்தோம். ‘புறாத்தீவு’, ‘புறாமலை’ இரண்டு பெயரிலும் தேடுகிறார்கள், இரண்டும் உள்ளே வந்தன. படத்தொகுப்பில் இருந்த நல்ல படங்களும் இங்கே வந்தன.

பிறகு பழைய முகவரிகளிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட். நேராக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சிலருக்குப் பழக்கம். பொருள் சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். இந்தத் திருப்பல்களைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் மற்றப் பதிவுகளுக்குள் பழைய முகவரிக்குப் போன இணைப்புகளையும் தேடி நேராக மாற்றினேன். அலுப்பான வேலை, அதற்கென்று சுருக்கு வழி ஒன்றையும் நான் காணவில்லை.

அழித்தவை அவ்வளவு யோசனை கேட்கவில்லை. முடிந்துபோன விலைக்கழிவு அறிவிப்புகள், இப்போது இல்லாத தங்குமிடங்கள், இரண்டு முறை ஏறிய ஒரே பதிவு. மாற்றுப் பக்கம் எதுவும் இல்லாதவற்றுக்கு 410 கொடுத்தோம், இனி வராது என்று பொருள். எதை அழித்தாலும் முதலில் பிரதி எடுத்து வைத்தேன், ஏனெனில் வேர்ட்பிரஸின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகும்.

ஒரே ஒரு பதிவில்தான் அண்ணாவுக்கும் எனக்கும் இழுபறி. கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையில், மக்கள் கடந்த நாட்களைப் பற்றி யாரோ எழுதியது. வரிசையில் காத்திருக்கும் வாகனங்கள், துறையடித் தேநீர்க் கடை என்று நல்ல விவரம். கிளிக் நிரலில் “இல்லை”. “2009இலேயே பாலம் வந்திட்டுது, பாதையை நம்பி ஆரும் வந்து நிண்டா எங்களைத்தான் ஏசுவாங்கள்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தப்பாக வழிகாட்டுவதைத் தடுக்கத் தலைப்பும் ஒரு குறிப்பும் போதும். தலைப்பில் ‘2009க்கு முன்’ என்று சேர்த்து, மேலே பாலம் பற்றிய இரண்டு வரி போட்டு, முடிவு நிரலில் ‘வை’ என்று எழுதினேன். தேடி வராவிட்டாலும் அந்தப் பதிவு யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை.

பலனைப் பார்க்க அவசரப்பட முடியாது. பெப்ரவரியில் செய்ததை மார்ச்சில் அளந்தால் பருவம் தொடங்குவதால் எல்லாமே கூடித்தான் தெரியும். அதனால் மே முதல் செப்டெம்பரை முந்திய வருட அதே மாதங்களோடு ஒப்பிட்டோம். சீட்டு விலைத் தேடலில் இப்போது ஒரு முகவரிதான் வருகிறது, அது முதல் பக்கத்தில் நிற்கிறது. ஸ்நோர்க்கலிங் பதிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருநாள் பயணம் என்று தேடுகிறவர்கள் மட்டும் குறைந்திருக்கிறார்கள். சேர்த்த பதிவில் அந்தப் பகுதி நான்கு வரியாகச் சுருங்கிப்போனது. அதற்கு ஒரு துணைத்தலைப்பும் நேர அட்டவணையும் கொடுத்து விரிப்பதா, மறுபடி தனிப் பதிவாக்குவதா என்று ஷீட்டில் அந்த வரிசைக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை.