ஒன்றரை மீட்டர் குழிக்குக் கல் எவ்வளவு, மணல் எவ்வளவு?

சுங்கை சிப்புட் வீட்டின் பின்பக்கம் மழைநீரை நிலத்துக்குள் இறக்கத் தோண்டிய குழி தயார். நீளமும் அகலமும் 1.5 மீட்டர், ஆழம் 2 மீட்டர். ஊற்றிப் பார்த்த தண்ணீர் அன்றைக்கே வடிந்துவிட்டது. களிமண்ணில் தண்ணீர் அப்படியே நின்றிருந்தால், கல் வாங்குவதே வீண்.

பரப்பு 2.25 சதுர மீட்டர். ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 0.225 கன மீட்டர் பொருள் வேண்டும். மழை கொட்டும்போது தண்ணீர் நிற்க மேலே 50 செ.மீ. விட்டேன். மிச்சம் 150 செ.மீ.

அடியில் பெரிய கல், நடுவில் சிறு ஜல்லி, மேலே பெருமணல் என்பதுதான் வழக்கமான அடுக்கு. கூரையிலிருந்து வரும் சேறு மணலின் மேலேயே தங்கும், சுரண்டி எடுத்துவிடலாம். அடுக்கைத் தலைகீழாகப் போட்டால் சேறு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், முழுக்குழியையும் கிளற வேண்டிவரும்.

ஆனால் அளவுகளில் ஒரு சிக்கல். 2 மி.மீ. மணல் 10 மி.மீ. ஜல்லியின் மேல் ஓரளவு நின்றுவிடும். அதே ஜல்லியை 15 செ.மீ. கல்லின் மேல் கொட்டினால் இடுக்குகளில் விழுந்து காணாமல் போகும், மணலும் பின்னாலேயே இறங்கும். அதனால் நடுவே 20 முதல் 40 மி.மீ. கல்லை ஓர் அடுக்காகச் சேர்த்தேன். அடியிலிருந்து: பெரிய கல் 60 செ.மீ., இடைக்கல் 20, ஜல்லி 40, மணல் 30.

"எத்தனை டன் தம்பி?" என்றார் லாரிக்காரர். ஒரு கன மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டன் என்று வைத்து, பெரிய கல் 2, இடைக்கல் 0.7, ஜல்லி 1.4, மணல் 1 டன் என்றேன். "மணலை ஏண்ணே இவ்வளவு பொடியாகக் கொண்டுவந்தீர்கள்?" என்று முதல் லோடைத் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது, பூச்சு மணல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கற்களைக் கழுவியபோது சாம்பல் நிறக் கல்தூள் கூழாக ஓடியது. அது உள்ளே போயிருந்தால் குழியின் அடிமண்ணிலேயே படிந்திருக்கும்.

கல்லில் 40 சதவீதமும் மணலில் 30 சதவீதமும் இடைவெளி என்று கொண்டால், மேல் காலியிடத்தோடு சேர்த்து ஏறக்குறைய 2,400 லிட்டர் கொள்ளும். 60 சதுர மீட்டர் கூரையில் 40 மி.மீ. மழை பெய்தாலே அது நிரம்பிவிடும். நம்மூர் மாலை மழைக்கு அது பெரிய காரியமில்லை, அதனால் மிஞ்சும் தண்ணீர் சாலையோரக் கால்வாய்க்குப் போகக் குழாய் வைத்திருக்கிறேன்.

அப்புறம், குழியின் மூலையில் அடிவரை ஒரு நான்கு அங்குலக் குழாய் நிற்கிறது. கல் அடுக்கில் மட்டும்தான் அதில் துளைகள். மணல் பகுதியில் துளை இருந்தால் அழுக்கு நீர் குறுக்கு வழியில் இறங்கிவிடும். மழை விட்டு நேரமாகியும் மேலே தண்ணீர் நின்று, குழாய்க்குள் நீர்மட்டம் இறங்கியிருந்தால் மணல் அடைத்திருக்கிறது என்று பொருள். மேல் 5 செ.மீ. சுரண்டிப் புது மணல் போடலாம். குழாயிலும் அதே மட்டம் நின்றால் மணலைத் தொட்டுப் பயனில்லை, அடிமண் குடிக்கவில்லை அல்லது நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் நின்றால் ஏடிஸ் கொசுவுக்கும் பயப்பட வேண்டும், குழாய் வாயில் வலை கட்டிவிட்டேன்.