ஏற்காடு மலைப்பாதையில் ரோல் அப்: கோட்டை விட்டது 2,475 ரூபாய்

சேலம் அடிவாரத்தில் பஸ் ஏறும்போது நிஃப்டி 25,000. கையில் 24,500 கால் ஒரு லாட், வாங்கின விலை 180 (அப்போது லாட் 75). திரையில் 590 காட்டியது. மாத எக்ஸ்பைரிக்கு இன்னும் இரண்டு வாரம். இதை விற்று, அதே எக்ஸ்பைரியில் 25,000 கால் 230-க்கு வாங்கினால் 360 பாயின்ட் கைக்கு வரும். போட்ட 180 போக மீதி 180 உறுதியான லாபம், ஏற்றத்திலும் இடம் இருக்கும். கணக்கு சரிதான், செய்த விதம்தான் தப்பு.

முதல் தப்பு, 590-ஐ நம்பி மார்க்கெட் ஆர்டர் போட்டது. அது கடைசியாக வியாபாரமான விலை. ஸ்ட்ரைக் பணத்துக்குள் ஆழமாகப் போய்விட்டால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். வாங்குபவர் 574, விற்பவர் 598 என்று நின்றார்கள். போனது 574-க்கு. 586-ல் லிமிட் போட்டு, எடுபடாவிட்டால் இரண்டிரண்டு ரூபாயாக இறக்கியிருக்க வேண்டும்.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. மொத்தம் இருபது இருக்கிறது, நமக்கு மூன்றாவதிலேயே சிக்னல் போய்விட்டது. பழையதை விற்றாயிற்று, புதியதை வாங்கவில்லை, கையில் ஒன்றும் இல்லை. சிக்னல் திரும்பியபோது நிஃப்டி முப்பது பாயின்டுக்கு மேல் ஏறி, 25,000 கால் 247 ஆகியிருந்தது. பாஸ்கெட் ஆர்டர் போட்டிருந்தாலும் இரண்டு ஆர்டரும் ஒரே விலைக்கட்டாக நிறைவேறும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் இந்த இடைவெளி நொடிகளில் முடிந்திருக்கும்.

ஆக 360 எதிர்பார்த்த இடத்தில் 327. முப்பத்து மூன்று பாயின்ட், 75 லாட்டுக்கு 2,475 ரூபாய். இரண்டு ஆர்டருக்கான புரோக்கரேஜ், விற்ற பிரீமியத்தின் மேல் எஸ்டிடி எல்லாம் தனி.

இன்னொன்றை ரோல் செய்யும் முன்பே எழுதிப் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரைக் 500 பாயின்ட் மேலே போனது, வந்த பணமோ 327. மீதி 173 பாயின்ட் நாம் கட்டும் காப்புக் கட்டணம் மாதிரி. எக்ஸ்பைரியில் நிஃப்டி 25,300-ல் முடிந்தால் பழைய கால் 620 லாபம் தந்திருக்கும், புதியது 447-தான் தரும். 24,600-க்கு விழுந்தால் பழையதில் 80 நஷ்டம், இப்போதோ 147 லாபம், அதாவது 11,025 ரூபாய். இரண்டும் சமமாவது 24,827-ல். அதற்குக் கீழே விழக்கூடும் என்ற பயம் இல்லாதவருக்கு ரோல் வீண் செலவு.

கடைசி நிமிடத்தில் இன்னொரு கண்டம் தப்பியது. 25,000 என்று தேடினால் வார எக்ஸ்பைரிதான் முதலில் வருகிறது, விலையும் மலிவாகத் தெரியும். மாதத்தைப் பார்க்காமல் அழுத்தியிருந்தால் இரண்டு வார டிரேடு நாலு நாளில் முடிந்திருக்கும்.