மான் காட்டிக்கொடுத்த வில்லாளிகள்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் என்றதும் பலரும் 1415-இல் ஆங்கிலேயர் வென்ற அஜின்கோர்ட் சண்டையைச் சொல்வார்கள். என்னை ஈர்ப்பது 1429, ஜூன் 18 அன்று பிரான்சின் பட்டேயில் நடந்த சண்டைதான்.

ஆங்கிலேயரின் பலம் நெடுவில்லில் மட்டும் இல்லை. வில்லாளிகள் தங்கள் முன்னால் கூராகச் சீவிய மரக்கழிகளை எதிரியை நோக்கிச் சாய்த்து நட்டுவிடுவார்கள். குதிரைகள் அங்கே மிரண்டு திணறும்; மிச்சத்தை அம்புகள் பார்த்துக்கொள்ளும். அஜின்கோர்ட்டில் உழுத வயலின் சேறும் துணைக்கு வந்தது. ஆனால் கழி நட நேரம் வேண்டுமே!

பட்டேயில் அது கிடைக்கவில்லை. ஒரு மான் ஆங்கிலேயர் நடுவே பாய்ந்ததாம். பிரெஞ்சுக்காரர்கள் அருகிலிருப்பது தெரியாமல் அவர்கள் வேட்டைக் கூச்சல் போட்டார்கள். அது பிரெஞ்சு ஒற்றர்கள் காதில் விழுந்துவிட்டது. வில்லாளிகள் அணிவகுத்து முடிப்பதற்குள் பிரெஞ்சுத் தளபதி லா ஹயரின் குதிரைப்படை வந்து மோதியது. ஆங்கிலத் தளபதி டால்பட் பிடிபட்டார்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊக்கமூட்டிய ஜோன் ஆஃப் ஆர்க் அந்த முன்படையில் இல்லை. பின்னால் முதன்மைப் படையோடு வந்துகொண்டிருந்தாள். ஆனால் துரத்தும் துணிச்சல் அவள் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த உழவர் வீட்டுப் பெண், மார்ச் மாதமே ஆங்கிலேயருக்குக் கடிதம் எழுதவைத்திருந்தாள்: உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று. பிரெஞ்சு அரியணை உரிமைக்காகத் தொடங்கிய போரில் ‘உங்கள் நாடு, எங்கள் நாடு’ என்ற பேச்சு வந்துவிட்டது. ஆங்கிலேயரோடு சேர்ந்திருந்த பிரெஞ்சுப் பிரிவினரான பர்கண்டிக்காரர்களுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவளைப் பிடித்தவர்கள் அவர்கள்தான்.