ஒரே பே ஸ்லிப்பில் இரண்டு சம்பளம்: பி.எஃப். பாக்கிக்காகப் பதினாறு மாதம் அலைந்தேன்

ஏப்ரல் 2023-இல் புகார் போட்டேன், பாஸ்புக்கில் பணம் ஏறியது ஆகஸ்ட் 2024-இல். இந்தப் பதினாறு மாதத்தில் பாதி, நான் சரியான காகிதத்தை எடுத்துப் போகாததால் வீணானது. என் நிலைமையில் நிறைய பேர் இருப்பீர்கள், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்தேன். கடைசி இரண்டு வருடம் சம்பளம் 18,000. அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 7,000, வீட்டு வாடகைப் படி 3,500, மீதி 7,500 ஸ்பெஷல் அலவன்ஸ். கைக்கு எவ்வளவு வருகிறது என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. வேலையை விட்டதும் கிராஜுவிட்டி செக் வந்தது, 36,346 ரூபாய். கடைசி பேசிக்கையும் டி.ஏ.வையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்குவார்கள். முழுச் சம்பளத்துக்கு என்று நினைத்து 90,000-க்கு மேல் எதிர்பார்த்திருந்தேன். வயிறு எரிந்தது.

அன்று ராத்திரிதான் பழைய பே ஸ்லிப்பை ஒழுங்காகப் படித்தேன். பிடித்தம் என்ற இடத்தில் ஈ.எஸ்.ஐ. 135, பி.எஃப். 840. ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 18,000-க்கு 135 சரியாக வருகிறது. பி.எஃப். 12 சதவீதம், 840 என்றால் 7,000-க்குத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒரே தாளில் ஈ.எஸ்.ஐ.க்கு என் சம்பளம் 18,000, பி.எஃப்.க்கு 7,000! அப்போதைய ஈ.எஸ்.ஐ. சட்டம் அலவன்ஸ்களையும் பெரும்பாலும் சம்பளமாகவே எடுத்துக்கொண்டதால் அங்கே பிரித்துக் காட்டிப் பயனில்லை. அப்போதைய பி.எஃப். சட்டத்தில் 'அடிப்படை ஊதியம்' என்று இருந்ததால் பேசிக்கைச் சுருக்கினால் கம்பெனி கட்டுவதும் சுருங்கியது. நம் பென்ஷன் பங்கும் இதிலிருந்துதான் போகிறது. பத்து வருட சர்வீஸுக்கு 7,000 கணக்கில் மாதம் 1,000 ரூபாய் பென்ஷன், 14,500 கணக்கில் 2,071. வயதான காலத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

14,500 எங்கிருந்து வந்தது என்றால், வாடகைப் படியைச் சட்டமே வெளியே வைத்திருக்கிறது, அதை நான் கேட்கவில்லை. ஸ்பெஷல் அலவன்ஸை மட்டும் பேசிக்கோடு சேர்க்கச் சொன்னேன். 2019 பிப்ரவரி 28-இல் உச்ச நீதிமன்றம் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் சொன்னது இதைத்தான்: எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கிற அலவன்ஸ், பெயர் என்னவாக இருந்தாலும், அடிப்படை ஊதியம்தான். கூடுதலாக உழைத்ததற்கோ உற்பத்தியைப் பொறுத்தோ கூடிக் குறைகிற தொகை என்றால்தான் தனி.

முதலில் எச்.ஆரிடம் கேட்டேன். "நீங்க கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர்ல இருக்கிற ஸ்ட்ரக்சர்தானே" என்று முடித்துவிட்டார். அப்புறம் பி.எஃப். புகார்களுக்கான EPFiGMS தளத்தில் புகார் போட்டேன். மூன்று வாரத்தில், நிறுவனம் கணக்குப்படி கட்டியிருக்கிறது என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள். பி.எஃப். கட்டவே இல்லை என்பது போல நான் எழுதியிருந்தேன், அது என் தப்பு. 'இன்ன அலவன்ஸை விட்டுவிட்டுக் குறைந்த ஊதியத்துக்குக் கட்டுகிறார்கள்' என்று எழுதுங்கள், மாதத் தொகையோடு.

அரை நாள் லீவு போட்டு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் ஸ்லிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது உங்களுக்கு மட்டும் ஏதோ ஸ்பெஷலா கொடுத்ததுன்னு கம்பெனி சொல்லும். எல்லாருக்கும் கொடுக்கிறாங்கன்னு எப்படிக் காட்டுவீங்க?" என்றார். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னார், ஆனால் முழு விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. என்னிடம் இருந்தது என் ஸ்லிப் மட்டும். வெறும் கையோடு திரும்பினேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்தேன். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் பயந்தார்கள், அது நியாயம்தான். வெளியே வந்தவர்களில் பெயிண்டிங்கில் ஒரு அக்கா, ஸ்டோர்ஸில் ஒரு அண்ணன், அசெம்பிளியில் ஒருவர், மூன்று பேர் ஸ்லிப் கொடுத்தார்கள். மூன்றிலும் ஸ்பெஷல் அலவன்ஸ் இருந்தது. என் ஸ்லிப்களிலும் இரண்டு மாதத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். ஒன்று, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஆறு நாள் சம்பளமில்லா லீவு எடுத்த மாதம். 30-க்கு 24 நாள், பேசிக் 5,600 ஆகவும் அலவன்ஸ் 6,000 ஆகவும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தது. இன்னொன்று, என் மெஷின் ஸ்பிண்டில் போய்ப் பத்து நாள் ஓடாமல் கிடந்த மாதம். அந்த மாதமும் அலவன்ஸ் முழுசாக 7,500.

இந்த இரண்டு ஸ்லிப்தான் காப்பாற்றியது. ஆய்வுக்கு ஆள் வந்து, கம்பெனி கட்ட வேண்டிய பாக்கியை முடிவு செய்யும் 7ஏ விசாரணை தொடங்கி, ஐந்து வாய்தா ஓடியது. கம்பெனித் தரப்பில் அது உற்பத்தி ஊக்கத்தொகை என்றார்கள். விசாரித்த மேடம் மெஷின் நின்ற மாதத்து ஸ்லிப்பைக் காட்டி, "உற்பத்தியே இல்லாதப்ப ஊக்கத்தொகை எதுக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. நைட் ஷிஃப்ட் போட்டவர்களுக்கு மட்டும் கொடுத்த படியையும் ஓவர்டைமையும் அதே மேடம் சேர்க்க மறுத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை, அவை எல்லோருக்கும் வந்தவை அல்ல.

உத்தரவு வந்ததும் கம்பெனியிலிருந்து போன், விட்டுப்போன 7,500-க்கு 12 சதவீதமான என் பங்கு 900-ஐ மாதக் கணக்குப் போட்டு நான் கட்ட வேண்டுமாம். கட்டாதீர்கள். அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பிறகு கேட்டு வாங்க விதியில் இடமில்லை, தவறுதலாக விட்டுப்போயிருந்தால்தான் அதுவும் எழுத்து மூலம் அனுமதி வாங்கி. இரண்டு பங்கும் அவர்களே கட்டினார்கள். கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் மாதம் 1,800 வீதம் 43,200, அதில் ஒரு பகுதி பென்ஷனுக்கு. தாமதத்துக்கு வட்டி வேறு போட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒன்று பாருங்கள். உங்கள் பேசிக்கும் டி.ஏ.வும் ஏற்கனவே 15,000-ஐத் தாண்டி, அதற்கு பி.எஃப். கட்டுகிறார்கள் என்றால் இந்த வாதம் செல்லாது, கட்டாய உச்சவரம்பே அவ்வளவுதான். இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் கைக்கு வருவது குறையும் என்பதும் உண்மை. என் பழைய செக்‌ஷனில் இரண்டு பேர் அதற்காக இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

கிராஜுவிட்டியில் நான் தோற்றேன். பி.எஃப். உத்தரவைக் காட்டி 75,288 கேட்டேன். நான் விலகியபோது இருந்த கிராஜுவிட்டி சட்டத்தில் ஊதியம் என்ற விளக்கமே 'வேறு எந்த அலவன்ஸும்' சேராது என்கிறது, அதனால் பி.எஃப்.புக்கு வந்த தீர்ப்பு அங்கே தானாக ஒட்டாது. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் ஊதியத்துக்கு ஒரே விளக்கம்தான், ஊதியத்தில் சேராத விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்தில் சேரும். பாதி பேசிக் போட்டால் போதும் என்று கம்பெனிகளில் சொல்கிறார்கள். விலக்குப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். வாடகைப் படி இருக்கிறது, ஓவர்டைம் இருக்கிறது, போக்குவரத்துப் படி இருக்கிறது. ஸ்பெஷல் அலவன்ஸ் என்று ஒன்று அதில் இல்லை.