மகளின் முதல் இணையப் பக்கம்

மகள் தானே கோட் எழுதி ஒரு பக்கம் செய்திருக்கிறாள். வாவியில் எடுத்த பறவைப் படங்கள், சின்னச் சின்னக் குறிப்புகள். வீட்டு முகவரி எங்கேயும் இல்லை, சரி என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வரி கண்ணில் பட்டது: "செவ்வாயும் வியாழனும் டியூஷன் முடிந்து ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வருவேன்." அதற்குக் கீழே பாடசாலை டையோடு ஒரு படம்.

"மகள், இதைப் பார்த்தால் தெரியாத ஆளுக்கு என்ன விளங்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நான் எங்க, எத்தனை மணிக்குத் தனிய நிப்பன் எண்டு விளங்கும், அப்பா."

அந்த வரியை அழித்தோம், டையை வெட்டினோம். மீன்கொத்திப் படம் மட்டும் எங்கள் முற்றத்தில் போனில் எடுத்தது. லொக்கேஷன் போட்டிருந்ததால் வீட்டின் இடம் கோப்புக்குள்ளேயே பதிந்திருந்தது. அதைக் கணினியில் exiftool என்ற மென்பொருளால் இப்படி நீக்கினோம்:

```
exiftool -gps:all= meenkothi.jpg
```

ஆனாலும் வேலை முடியவில்லை. அவள் பக்கத்தை வைத்திருப்பது GitHub என்ற கோட் வைக்கும் தளத்தில். அங்கே பழைய பதிப்புகளைக் காட்டும் History-ஐத் திறந்தால் அழித்த வரியும் பழைய படமும் அப்படியே இருந்தன, யாரும் பார்க்கலாம். எனவே கோப்புகளும் பழைய பதிப்புகளும் இருந்த அந்த repository-ஐ முழுதாக நீக்கி, திருத்திய கோப்புகளை மட்டும் புதிதாக ஏற்றினாள்.

இப்போது அறிமுகத்தில் முதல் பெயரும் "கிழக்கு மாகாணம்" என்பதும்தான். மீன்கொத்தி மட்டும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.